உடன்பிறந்தார் கடையும் உடன்படிக்கையும்

நவவீ இமாம் அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில் கூட்டு வாணிபத்தைப் பற்றிய ‘கிதாபுஷ் ஷிர்க்கத்’ மிகச் சிறிய பாடம். ஒரே அமர்வில் ஓதி முடித்துவிடலாம். மாணவர்களும் அப்படித்தான் ஓதி முடித்துவிட்டு, அடுத்து வரும் வக்காலத்துப் பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆயின், மதரஸாவை விட்டுக் கடைத்தெருவில் நடந்து பார்த்தால், அந்தச் சின்னஞ்சிறு பாடத்தின் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு வீட்டில் மனத்தாங்கலாக நிற்பதைக் காணலாம். நான் பாகப்பிரிவினைக் கல்வியாகிய ஃபராயிளையும் தமிழையும் சேர்த்துக் கற்பித்து வருபவன். ஆதலால் பத்திரம் எழுதும் வீடுகளிலிருந்து அவ்வப்போது எனக்கு அழைப்பு வரும். அவ்வாறு நான் உடனிருந்து எழுதிய ஒரு பத்திரத்தைப் பற்றியும், அது ஏழாண்டுகளுக்குப் பின் எவ்வாறு வேலை செய்தது என்பதைப் பற்றியும் இங்கே சொல்ல விரும்புகிறேன். குடும்பத்தின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். கணக்கு மட்டும் போதும்.

கடை ஜவுளிக் கடை. அதை நிறுவிய பெரியவர் 2016-ஆம் ஆண்டு வஃபாத்தானார். அவருடைய தாய் தந்தையர் முன்பே காலமாகிவிட்டனர். மனைவி, மூன்று ஆண் மக்கள், இரண்டு பெண் மக்கள் இருந்தனர். மூத்தவரும் இளையவரும் வாப்பாவோடு கடையில் நின்றவர்கள். நடுவிலவர் சென்னையில் தனித்தொழில் செய்து கையில் பணம் உள்ளவர். நாற்பதாம் நாள் கழிந்ததும் மூத்தவர் என்னிடம் வந்து, “ஹஜ்ரத், நாங்கள் மூவரும் பங்காளிகள் என்று ஒரு பத்திரம் எழுதிவிட வேண்டும். ஆடிட்டர் படிவம் கொடுத்திருக்கிறார். நீங்கள் பார்த்து ஷரீஅத்துக்கு ஒத்துவருகிறதா என்று சொன்னால் போதும்” என்றார்.

நான் படிவத்தைப் பிரிப்பதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்டேன்: “கடை யாருடையது, தம்பி?”

அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. இருபதாண்டுகளாகத் தாம் திறந்து தாம் பூட்டிய கடை! ஆனால் நம் சட்டத்தில் இந்துக் கூட்டுக் குடும்பம் போன்ற ஓர் அமைப்பு இல்லை. மகன் எத்தனை ஆண்டு கடையில் நின்று உழைத்தாலும், வாப்பாவோடு உடன்படிக்கை ஏதும் செய்துகொள்ளாத வரையில் அவன் பங்காளியாகிவிடுவதில்லை, கடை வாப்பாவுடையதே. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டமும், கூட்டாண்மை என்பது உடன்படிக்கையால் பிறப்பதேயன்றிப் பிறப்பால் வருவதன்று என்று 5-ஆம் பிரிவில் கூறுகிறது. ஆகவே வாப்பா கண்மூடிய நொடியிலேயே அந்தக் கடை ஆறு வாரிசுகளுக்கும் உரியதாகிவிட்டது. மூவர் மட்டும் கூடி அதைத் தங்கள் முதலாகப் பத்திரத்தில் எழுதிக்கொள்வது, பிறர் பொருளைத் தம் பொருளென்று எழுதிக்கொள்வதேயாகும்.

எனவே முதலில் பத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இருப்பை எடுத்தோம். சரக்கு கொள்விலைப்படி 24 லட்சம். வாடிக்கையாளரிடம் வர வேண்டிய பாக்கி 6 லட்சம். ரொக்கமும் வங்கியிருப்பும் 4 லட்சம். மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டியது 2 லட்சம். கழித்து நின்றது 32 லட்சம். உம்மாவின் மஹர் பாக்கியில்லை. வாப்பா வசிய்யத்தும் செய்திருக்கவில்லை. மக்கள் இருப்பதால் மனைவிக்கு எட்டிலொரு பங்கு. மீதியில் ஆணுக்கு இரண்டும் பெண்ணுக்கு ஒன்றுமாகப் பகிர வேண்டும். முழுச் சொத்தையும் 64 பங்காக வைத்தால் கணக்கு உடையாமல் வந்துவிடும். உம்மாவுக்கு 8, ஆண் மக்கள் ஒவ்வொருவருக்கும் 14, பெண் மக்கள் ஒவ்வொருவருக்கும் 7. ஒரு பங்கின் மதிப்பு 50,000 ரூபாய். ஆக உம்மாவுக்கு 4 லட்சம், சகோதரர்களுக்குத் தலைக்கு 7 லட்சம், சகோதரிகளுக்குத் தலைக்கு மூன்றரை லட்சம்.

“தங்கைகளுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தோமே, ஹஜ்ரத்?” என்றார் மூத்தவர். எல்லா வீடுகளிலும் கேட்கிற கேள்விதான் இது. வாப்பா தம் வாழ்நாளில் மனமுவந்து கொடுத்து ஒப்படைத்த அன்பளிப்பு அன்றோடு முடிந்தது. அது மீராஸில் கழிவதில்லை. அவ்வாறு கழிப்பதானால், மூத்தவருக்கு வீடு கட்டக் கொடுத்ததையும் அல்லவா கழிக்க வேண்டியிருக்கும்! “அப்படியானால் அவர்களே விட்டுக் கொடுக்கட்டும்” என்றார் நடுவிலவர். விட்டுக் கொடுப்பது அவர்கள் உரிமை. அதில் எனக்குத் தடையில்லை. ஆனால் எவ்வளவு என்று தெரிந்த பிறகல்லவா விட்டுக் கொடுக்க இயலும்? தொகையைச் சொல்லாமல் கையெழுத்தை மட்டும் கேட்பது விட்டுக் கொடுத்தலாகாது. உம்மா இத்தாவில் இருந்ததால் திரைக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். “பிள்ளைகளுக்கு எவ்வளவு வரும் என்று எழுதிக் கொடுங்கள், ஹஜ்ரத், நானே அவர்களிடம் படித்துக் காட்டுகிறேன்” என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். இரு சகோதரிகளும் தங்கள் பங்கைப் பணமாகக் கேட்டார்கள். உம்மாவும் தம் பங்கைப் பணமாகவே பெற்றுக்கொள்ள விரும்பினார்கள்.

இப்போது கடையிலிருந்து 11 லட்சம் வெளியே போக வேண்டும். சரக்கை விற்றுக் கொடுத்தால் கடை நொடித்துவிடும். நடுவிலவர் 9 லட்சமும், மூத்தவரும் இளையவரும் தலைக்கு 1 லட்சமும் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்து, அந்த மூவரின் பங்குகளை விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். ஆகக் கடையின் 32 லட்சத்தில் மூத்தவர் முதல் 8, நடுவிலவர் முதல் 16, இளையவர் முதல் 8 என்றாயிற்று. இந்தக் கட்டத்துக்கு வந்த பிறகே ஆடிட்டரின் படிவத்தைப் பிரித்தேன்.

படிவங்களைக் குறை கூற மாட்டேன். அவை வரிக்கணக்குக்காக அச்சடிக்கப்பட்டவை. ஆனால் அதன் முதல் பக்கத்திலேயே, முதலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி என்றிருந்தது. வருமான வரிச் சட்டம் அதுவரை கழிவு அனுமதிப்பதால் எல்லாரும் அதையே எழுதுகிறார்கள். அதை அடித்துவிடுவது எளிது. எளிதல்லாதது வேறொன்று. வட்டியைப் பற்றி ஒன்றுமே எழுதாமல் விட்டுவிட்டால் வட்டியில்லை என்று நம்மவர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியன்று. முதலுக்கு மேல் ஒரு சகோதரர் கடைக்குக் கைமாற்றாகப் பணம் போட்டால், பத்திரம் மௌனமாயிருக்கும்போது 13-ஆம் பிரிவு அதற்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வட்டி வழங்குகிறது. விலகிப் போன பங்காளிக்குக் கணக்குத் தீர்க்காமல் மற்றவர்கள் அவருடைய பணத்தை வைத்துத் தொழில் நடத்தினாலும், அந்தப் பணத்தால் வந்த லாபத்தையோ நூற்றுக்கு 6 வட்டியையோ அவர் கேட்கலாம் என்கிறது 37-ஆம் பிரிவு. சட்டம் நம் மௌனத்தைத் தன் சொற்களால் நிரப்பிக்கொள்ளும். ஆதலால் ‘முதலுக்கோ, கைமாற்றுக்கோ, விலகுபவருக்குரிய நிலுவைக்கோ எவ்வித வட்டியும் இல்லை’ என்று வெளிப்படையாக எழுதினோம். (ஷரத்து என்னும் சொல்லே அரபியின் ‘ஷர்த்து’தான், வாரிசு, வசூல், பாக்கி எல்லாம் அந்த வழியில் வந்தவையே. கடைத்தெருத் தமிழுக்கு நம் கிதாபுகள் அந்நியமல்ல.)

அடுத்தது லாபப் பங்கு. இங்கேதான் சகோதரர்கள் மூவரும் மூன்று திசையில் நின்றார்கள். முதலில் பாதி தம்முடையது என்பதால் லாபத்திலும் பாதி வேண்டும் என்றார் நடுவிலவர். காலை முதல் இரவு வரை நிற்பது தாமல்லவா என்றார் மூத்தவர். சமமாகப் பிரித்துவிடலாம் என்றார் இளையவர். பத்திரத்தில் ஒன்றும் எழுதாவிட்டால் சட்டம் செய்வதும் இளையவர் சொன்னதைத்தான்: முதல் எவ்வளவாயினும் லாபமும் நட்டமும் சமம்; உழைத்தவருக்கும் சம்பளம் கிடையாது.

நம் கிதாபுகள் இந்த இடத்தில் இரு வழியாகப் பிரிகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் லாபம் முதலின் அளவுப்படியே. அதற்கு மாறாக ஷரத்து வைத்தால் அந்த ஒப்பந்தமே கெட்டுவிடும், அவரவர் உழைப்புக்கு உரிய கூலியையே கேட்க முடியும். ஹனஃபீ மத்ஹபில், உழைக்கும் பங்காளிக்கு முதலைவிட அதிக விகிதத்தில் லாபம் பேசிக்கொள்ளலாம். ஆனால் நட்டம் என்று வரும்போது இரு மத்ஹபுகளும் ஒன்றே கூறுகின்றன: நட்டம் முதலின் அளவுப்படிதான். வேறு ஷரத்துக்கு இடமில்லை. இவர்கள் ஷாஃபிஈகள். ஆதலால் லாபத்தை முதலின் அளவுப்படி 1 : 2 : 1 என்று வைத்து, உழைப்பைத் தனியே கூலியாகப் பேசினோம். மூத்தவருக்கு மாதம் 20,000, இளையவருக்கு 15,000. பங்காளியின் சம்பளம் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் வரிக்கணக்கில் கழிவாகும் என்பதால், ஆடிட்டரும் இதை விரும்பி ஏற்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும். ஓராண்டில் சம்பளம் கழிப்பதற்கு முன் ஆதாயம் 9,60,000 என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் இருவருக்கும் சேர்த்து 4,20,000. மீதி 5,40,000. நடுவிலவருக்குப் பாதியாகிய 2,70,000. மற்ற இருவருக்கும் தலைக்கு 1,35,000. ஆக, கடையில் நின்ற மூத்தவர் சம்பளத்தோடு 3,75,000 பெறுகிறார், இளையவர் 3,15,000, முதல் மட்டும் போட்டவர் 2,70,000. சமமாகப் பிரித்திருந்தால் தலைக்கு 3,20,000. கடைக்கே வராத நடுவிலவரும் பூட்டும் சாவியுமாக அலைகிற மூத்தவரும் ஒரே தொகையைப் பெற்றிருப்பார்கள். இரண்டாம் ஆண்டே அது வாய்த்தகராறாகியிருக்கும்.

நட்டத்துக்குத் தனியாக ஒரு வாக்கியம் எழுதினோம்: ‘நட்டம் ஏற்படின் அவரவர் முதலின் அளவுப்படி ஏற்பர்.’ அன்று அதை எழுதும்போது நடுவிலவர் சிரித்தார். பின்னர் 2020-இல் ஊரடங்கு வந்து கடை பூட்டிக் கிடந்தது. அந்தக் கணக்காண்டின் முடிவில் 2,40,000 நட்டம். நடுவிலவர் 1,20,000, மற்றவர்கள் தலைக்கு 60,000 என்று பேரேட்டில் பற்று எழுதப்பட்டது. யாரும் ஒரு சொல் பேசவில்லை.

இனி விலகல். பத்திரத்தில் நான் அதிக நேரம் செலவிட்ட ஷரத்து இதுவே. மற்ற பத்திரங்களில் இவ்விடத்தில் ‘அப்போதுள்ள நிலைமைக்கேற்ப தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வர்’ என்றிருக்கும். பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடியவர்களாயிருந்தால் பத்திரம் எதற்கு? விலகுகிற அன்று ஒருவர் விற்பவர், மற்றவர்கள் வாங்குபவர்கள். விலையைப் பற்றி இரு தரப்பும் நடுநிலையோடு பேசக்கூடிய காலம், யார் விலகப் போகிறார் என்று யாருக்கும் தெரியாதிருக்கும் காலம் ஒன்றுதான். அதாவது, தொடங்குகிற அன்று.

நாங்கள் எழுதியவை இவை. விலக விரும்புபவர் ஆறு மாதம் முன்னதாக எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். கணக்கு அடுத்து வரும் மார்ச் 31-இல் எடுக்கப்படும். சரக்கைக் கையால் எண்ணிக் கொள்விலையில் மதிப்பிட வேண்டும். இரண்டாண்டுக்கு மேல் விற்காமல் கிடக்கும் சரக்குக்குக் கொள்விலையில் பாதி. ஓராண்டுக்கு மேற்பட்ட பாக்கிகளை மதிப்பில் சேர்க்காமல், வசூலாக வசூலாகப் பங்கு கொடுக்க வேண்டும். கடைப் பெயருக்கு மதிப்பாக, கடந்த மூன்றாண்டு நிகர லாபத்தின் சராசரியில் ஓராண்டுத் தொகை. இந்தப் பெயர் மதிப்பை மூத்தவர் ஏற்கத் தயங்கினார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு விலையா என்றார். 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகப் பெயரும் மதிப்புள்ள சொத்துரிமையே என்று தீர்மானித்திருப்பதை எடுத்துச் சொன்னேன். பிறகு ஒப்புக்கொண்டார். தொகையில் நாலிலொரு பங்குக்குக் குறையாமல் உடனே கொடுத்து, மீதியை 18 மாதத்துக்குள் தவணையாகத் தீர்க்க வேண்டும் என்று முடித்தோம்.

பிணக்கு வந்தால் நடுவராக என் பெயரைப் போட வேண்டும் என்று மூவரும் கேட்டார்கள். நான் இசையவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் ஓதுகிறார்கள்; தீர்ப்புச் சொன்ன மறுநாள் ஒரு பிள்ளை வராமல் போகும். மூவரும் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுப்பது என்று மட்டும் எழுதினோம். பிறகு பத்திரத்தை முத்திரைத்தாளில் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் நிறுவனத்தைப் பதிவும் செய்தார்கள். பதிவு கட்டாயமன்று என்பது உண்மை. ஆயின் பதிவு செய்யாத நிறுவனத்தின் பங்காளி, தம் பத்திரத்திலுள்ள உரிமையைக் கேட்டு மற்றப் பங்காளிகள் மீது வழக்குப் போட முடியாது என்கிறது 69-ஆம் பிரிவு. நிறுவனத்தையே கலைக்கும்படியோ, கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்டோ வழக்கிடலாம், அவ்வளவே. அழகாக எழுதிய விலகல் ஷரத்து பதிவில்லாத பத்திரத்தில், கடையை உடைத்தாலன்றிக் கைக்கு வராத உரிமையாக நின்றுவிடும்.

2022 செப்டம்பரில் இளையவர் அறிவிப்புக் கொடுத்தார். சண்டையில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், தமக்கென ஒரு கடை வேண்டும் என்று ஆசை. ஆறு மாதம் கழிந்து 2023 மார்ச் 31 வந்தபோது, அது ரமளான் மாதமாயிருந்தது. பெருநாளுக்காக சூரத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கடனுக்கு வந்த சரக்கு கடை நிறையக் கிடந்தது. தராவீஹ் தொழுதுவிட்டு வந்து மூன்று இரவுகள் எண்ணினார்கள்.

எண்ணி முடித்த அன்று, மூத்தவர் மனத்தில் ஒரு தொகை, இளையவர் மனத்தில் ஒரு தொகை. “தம்பி போட்டது எட்டு லட்சம், லாபத்தை ஆண்டுதோறும் வாங்கியிருக்கிறான், எட்டைக் கொடுத்துவிடுகிறேன்” என்றார் மூத்தவர். இளையவரோ விலைச்சீட்டைப் பார்த்துக் கணக்கிட்டிருந்தார்: சரக்கு 60 லட்சம், பாக்கி 8 லட்சம், ரொக்கம் நாலரை லட்சம், ஆக எழுபத்திரண்டரை லட்சம். அதில் நாலிலொன்று 18 லட்சத்துக்கும் சற்று மேல். “காக்கா, நான் பாதியா கேட்கிறேன்? என் பங்கைத்தானே கேட்கிறேன்” என்றார். எட்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் விழுந்து எழாத குடும்பங்களை நான் அறிவேன்.

பத்திரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கணக்கிட்டோம். விலைச்சீட்டு 60 லட்சம் சொன்ன சரக்கின் கொள்விலை 45 லட்சம். விற்காத துணியின் மேல் எழுதியிருக்கும் லாபம் இன்னும் லாபமாகவில்லை. அந்த 45-இல், 5 லட்சத்துச் சரக்கு இரண்டாண்டுக்கு மேல் கிடப்பது. பெட்டி பிரிக்காத பழைய மோஸ்தர் சட்டைகள், நிறம் மங்கிய துண்டுத் துணிகள். அதற்குப் பாதியாகிய இரண்டரை லட்சம். ஆகச் சரக்கு நாற்பத்திரண்டரை. பாக்கியில் 3 லட்சம் ஓராண்டைத் தாண்டியது, நின்றது 5. ரொக்கம் நாலரை. மொத்தம் 52 லட்சம். பெருநாள் சரக்குக்காக மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய 8 லட்சத்தை இளையவர் கணக்கிலேயே சேர்த்திருக்கவில்லை. அதைக் கழிக்க 44 லட்சம். அதில் நாலிலொன்று 11 லட்சம். முதல் 32 லட்சத்திலிருந்து 44 ஆனது, ஆண்டுதோறும் எடுக்காமல் கடையில் விட்ட லாபத்தால். அதில் இளையவருக்கும் உரிமை உண்டென்பதை மூத்தவர் அந்த ஏட்டில்தான் கண்டார்.

பெயர் மதிப்பில் மட்டும் சிறிது பேச்சு நடந்தது. மூன்றாண்டுகளில் ஒன்று ஊரடங்காண்டு. நட்டம் 2,40,000, அடுத்த ஆண்டு லாபம் 5,40,000, அதற்கடுத்து 6,00,000. கூட்டிக் கழித்தால் 9 லட்சம். சராசரி 3 லட்சம். இளையவர் பங்கு 75,000. ஊரடங்கு எல்லாருக்கும் வந்த சோதனை, அந்த ஆண்டைத் தள்ளிவிட்டால் 1,42,500 வரும் என்றார் இளையவர். அவர் பேச்சில் நியாயமில்லாமலில்லை. ஆனால் பத்திரம் மூன்றாண்டு என்றுதான் சொல்கிறது. நல்ல ஆண்டைத் தள்ளும்படி மூத்தவர் கேட்டிருந்தால் இளையவர் ஒப்பியிருப்பாரா? அவரே சற்று யோசித்துவிட்டு, “எழுதியபடியே இருக்கட்டும்” என்றார். 11,75,000 முடிவாயிற்று. 3,75,000 உடனே, மீதி 8 லட்சம் மாதம் 50,000 வீதம் 16 தவணை. பழைய பாக்கி வசூலாகும்போதெல்லாம் அதில் நாலிலொன்று தனி. அன்றே முழுத்தொகையையும் எடுத்திருந்தால் தீபாவளிச் சரக்குக்கு மூத்தவர் வட்டிக்கடனைத் தேடியிருக்க நேரும்.

பணம் வாங்கியதோடு விலகல் முடிந்ததென்று இளையவர் நினைத்தார். அது முடியவில்லை. விலகிய செய்தி முறைப்படி பொது அறிவிப்பாகும் வரையில், அவரைப் பங்காளியென்று நம்பிக் கடைக்குக் கடன் கொடுக்கும் வெளியார் அவரிடமும் வந்து கேட்கலாம். பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழில் அறிவிப்பு, அந்த மாவட்டத்தில் ஓடும் ஒரு தமிழ் நாளிதழில் அறிவிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் சட்டம் கூறும் பொது அறிவிப்பு. நாளிதழில் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாயிருப்பவர்கள் உண்டு. விலகுவதற்கு முன்பு கடைக்கு ஏற்பட்ட கடன்களோ அறிவிப்பாலும் நீங்குவதில்லை. கடன் கொடுத்தவரும் ஒப்பி விடுவித்தால்தான் நீங்கும். வங்கியில் மூவரும் போட்டிருந்த ஜாமீன் கையெழுத்தையும், வங்கி எழுத்து மூலம் விடுவிக்கும் வரை இளையவர் அலைந்து திரிந்து மாற்றிக்கொண்டார்.

அவர் புதுக்கடையை எங்கே திறப்பது என்பதிலும் ஒரு ஷரத்து இருந்தது: இரண்டாண்டு காலம் அதே கடைத்தெருவில் ஜவுளித் தொழில் செய்வதில்லை. ஒன்றும் எழுதாதிருந்தால், விலகியவர் போட்டித்தொழில் செய்யச் சட்டம் தடையில்லை. பழைய கடையின் பெயரை எடுத்தாளக் கூடாது, அதன் வாடிக்கையாளர்களை வலிந்து அழைக்கக் கூடாது என்பதே கட்டுப்பாடு. காலமும் இடமும் குறித்து நியாயமான அளவில் தடை எழுதிக்கொள்ளலாம். ‘எக்காலத்தும் எவ்விடத்தும் கூடாது’ என்று எழுதும் பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். அவை அதிகம் கேட்டு ஒன்றும் பெறாதவை. இளையவர் பேருந்து நிலையத்துக்கு அருகே கடை பிடித்தார்.

இனிச் சொல்லப்போவது பலரும் கவனியாதது. பங்காளி ஒருவர் மரணித்தால் கூட்டு முறிந்துவிடும் என்பது நம் கிதாபுகளின் சட்டம். 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவும் அதுவே. ஆனால் ‘மாறான உடன்படிக்கை இல்லாதபோது’ என்று சட்டம் ஓர் இடம் விட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்தி, ‘ஒருவர் மரணித்தால் மற்றவர்கள் தொழிலைத் தொடர்வர், மரணித்தவரின் பங்கை விலகல் ஷரத்தின்படியே மதிப்பிட்டு வாரிசுகளுக்குக் கொடுப்பர்’ என்று எழுதியிருந்தோம். மூவர் இருந்தவரை அது உயிருள்ள ஷரத்து. இளையவர் விலகியதும் இருவரே நின்றார்கள். இருவரில் ஒருவர் போனால் எஞ்சுவது ஒருவர். ஒருவர் தமக்குத்தாமே கூட்டாளியாக முடியாது. இரு பங்காளிகள் மட்டுமுள்ள நிறுவனத்தில் தொடரும் ஷரத்து செல்லாது, மரணத்தோடு நிறுவனம் கலையும் என்று உச்ச நீதிமன்றம் 1965-இல் ஒரு சர்க்கரை ஆலை வழக்கில் தெளிவாக்கிவிட்டது. பத்திரத்தில் எழுத்து அப்படியே இருக்கும், உயிர் போயிருக்கும்.

கலைந்தால் என்ன நடக்கும்? சொத்தையெல்லாம் பணமாக்கி, முதலில் வெளியார் கடன், அடுத்துப் பங்காளிகள் முதலுக்கு மேல் கொடுத்த கைமாற்று, அதன் பிறகு முதல், எஞ்சினால் லாப விகிதத்தில் பங்கு என்பது 48-ஆம் பிரிவின் வரிசை. ஓடுகிற கடையில் கொள்விலை பெறும் துணி, கலைகிற கடையில் பாதி விலைக்கும் போகாது. நடுவிலவருக்குப் பருவமெய்தாத மக்கள் இருக்கிறார்கள். அவர் மரணித்தால் அந்த எத்தீம்களின் பங்கு அந்தப் பாதி விலையில்தான் கணக்காகும். இதை அவரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாவது ஒருவர் வேண்டும். நடுவிலவரின் மகனைச் சேர்க்கலாமா என்றார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை பங்காளியாக முடியாது. எல்லாருடைய சம்மதத்தோடு லாபத்தின் பயனில் மட்டுமே சேர்க்கலாம். அது எண்ணிக்கையை நிறைக்காது. மூத்தவரின் மகனுக்கு 22 வயது. கடையிலேயே சம்பளத்துக்கு நின்று 2 லட்சம் சேர்த்து வைத்திருந்தான். அவனை அந்தத் தொகையோடு பங்காளியாகச் சேர்க்க இருவரும் இசைந்தார்கள். அவன் நுழைவதற்கு முன்பு ஏற்பட்ட கடன்களுக்கு அவன் பொறுப்பல்ல என்பது சட்டத்திலேயே உள்ளது. இளையவருக்குரிய தவணைகளும் அவற்றில் அடங்கும் என்பதைத் தெளிவுக்காக எழுதினோம்.

இருப்பை மறுபடி எடுத்து, முதலின் அளவுப்படி மூவருக்கும் விகிதத்தைத் திருத்தினோம். பழைய ஷரத்துகளில் ஒன்றைத்தான் மாற்றினார்கள்: பெயர் மதிப்புக்கு மூன்றாண்டுச் சராசரி என்றிருந்ததை ஐந்தாண்டுச் சராசரி என்றாக்கினார்கள். அதைச் சொன்னவர் மூத்தவர். கையெழுத்துக்கு முன், பெரியவர்கள் இருவரும் எழுந்து போன பின், அந்தப் பையன் மட்டும் என்னருகே வந்து, தாழ்ந்த குரலில், தான் விலகுவதானால் வாப்பாவுக்கும் ஆறு மாதம் முன்னதாக எழுதித்தான் கொடுக்க வேண்டுமா என்று கேட்டான். ஆம் என்றேன். அந்த ஷரத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்திட்டான்.